கைப்பையில் பதிவான 23 நிமிடங்கள்

மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் ஆறு வருடம் வேலை செய்தேன். ஏழாவது வருடம் எங்களுக்குப் புது மேனேஜர் வந்தார், அவரும் தமிழர்தான். மற்றவர்களிடம் ஆங்கிலத்திலும் மலாயிலும் மரியாதையாகப் பேசுவார். கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் பேசும்போது மட்டும் தமிழுக்கு மாறிவிடுவார். "ஏண்டி, படிச்சுட்டுத்தானே வந்த? இந்த நம்பரைப் பார்த்து எழுதத் தெரியாதா? உன்னை எவன் வேலைக்கு எடுத்தான்?" இது வாரத்துக்கு இரண்டு தடவையாவது நடக்கும். அறைக்கு வெளியே இருந்த சீன, மலாய் சகாக்களுக்குச் சத்தம் கேட்டாலும் என்ன சொல்கிறார் என்று புரியாது. எனக்குச் சாட்சி என்று யாருமே இல்லை.

அதனால்தான் 2022 மார்ச் மாதம் ஒரு மதியம், அவர் கூப்பிட்டதும் கைப்பேசியின் ரெக்கார்டரை அழுத்திக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனேன். 23 நிமிடம் பதிவானது. வீட்டுக்கு வந்து கேட்டபோது கை நடுங்கியது. இனிமேல் யாரும் என்னை நம்பாமல் இருக்க முடியாது என்று நினைத்தேன். அன்று இரவே அந்த 23 நிமிடத்தில் மிக மோசமான 40 விநாடியை மட்டும் வெட்டி, அலுவலகத் தோழிகள் ஐந்து பேர் இருந்த வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

மூன்றாம் நாள் காலை ஹெச்.ஆரிலிருந்து எனக்குக் காரணம் கேட்கும் கடிதம் வந்தது. மேனேஜர் பேசியதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. நிறுவனக் கூட்டத்தை அனுமதியில்லாமல் பதிவு செய்தது ஒரு குற்றச்சாட்டு, அதை மற்றவர்களுக்கு அனுப்பியது இன்னொன்று. மூன்று நாளில் பதில் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள்.

தொழிற்சங்கத்தில் இருந்த ஒரு அண்ணன், பட்டர்வொர்த்தில் ஒரு வழக்கறிஞர் அக்காவிடம் அனுப்பி வைத்தார். நான் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, நான் பண்ணது சட்டப்படி தப்பா?" என்பதுதான்.

"அதுல ரெண்டு கேள்வி இருக்கும்மா, ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதே," என்றார். "கோர்ட் இதை ஏத்துக்குமா என்பது ஒண்ணு. பதிவு பண்ணதுக்காகக் கம்பெனி உன்மேல நடவடிக்கை எடுக்கலாமா என்பது இன்னொண்ணு. முதல் கேள்விக்கு ஆமான்னு பதில் வந்தாலும் ரெண்டாவதுல நீ மாட்டிக்கலாம்."

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பேசுகிறவர்களில் நாமும் ஒருவராக இருக்கும்போது, அந்தப் பேச்சைப் பதிவு செய்ய எதிராளியின் சம்மதம் வேண்டும் என்று நேராகச் சொல்லும் சட்டம் மலேசியாவில் இல்லை. ரகசியமாக எடுத்தது என்ற ஒரே காரணத்துக்காக நீதிமன்றம் ஒரு சான்றைத் தூக்கி எறிவதும் இல்லை. வழக்குக்குச் சம்பந்தம் உள்ளதா என்பதைத்தான் முதலில் பார்க்கும். லண்டனில் இருக்கும் மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் குருமா என்பவரின் வழக்கில் சொன்ன இந்த விதியை நம் நீதிமன்றங்களும் பின்பற்றி வந்திருக்கின்றன. வேலை விவகாரங்களைக் கேட்கும் தொழிலியல் நீதிமன்றம் இன்னும் கொஞ்சம் நெகிழ்வானது. 1967-ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 30(5) பிரிவு, சட்ட நுணுக்கங்களில் சிக்கிக்கொள்ளாமல் நியாயத்தையும் மனசாட்சியையும் வழக்கின் உண்மையான சாரத்தையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும்படி அந்த நீதிமன்றத்திடம் சொல்கிறது.

நாம் இல்லாத பேச்சைப் பதிவு செய்வது வேறு விஷயம். கைப்பேசியை மேசை மேல் ஓடவிட்டு நாம் வெளியே வந்துவிட்டு, மற்றவர்கள் நம்மைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று பிடிப்பது ஒட்டுக்கேட்பது. 1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 234-ஆம் பிரிவு, பிறர் தொடர்பை அதிகாரமில்லாமல் இடைமறிப்பதைக் குற்றமாக்குகிறது. "அந்தப் பக்கமே போகாதே" என்று அக்கா சொன்னார். ஒருமுறை அப்படிச் செய்யலாமா என்று நானும் யோசித்திருந்தேன். நல்ல வேளை, செய்யவில்லை.

இரண்டாவது கேள்விக்கு வந்தால், எங்கள் கையேட்டில் அனுமதியில்லாத ஒலிப்பதிவு, ஒளிப்பதிவு கூடாது என்று ஒரு வரி இருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளில் கையெழுத்துப் போட்டதோடு சரி, நான் அதைப் படித்ததில்லை. அந்த ஒரு வரியை வைத்து விசாரணை நடத்தி, நம்பிக்கை மீறல் என்று வேலையை விட்டே நீக்கலாம். நீக்கியது நியாயமா இல்லையா என்பதைப் பிறகு நீதிமன்றம் பார்க்கும். ஆனால் அதுவரை சம்பளம் இல்லாமல் இருக்கப் போவது நாம்தான். அத்துடன், தொழிலியல் நீதிமன்றம் நமக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னாலும், நம் பக்கத் தவற்றின் அளவுக்கு இழப்பீட்டைக் குறைக்க அதே சட்டத்தின் இரண்டாவது அட்டவணை இடம் தருகிறது. அக்கா கவலைப்பட்டது நான் பதிவு செய்ததைப் பற்றி அல்ல, அந்த 40 விநாடியை அனுப்பியதைப் பற்றித்தான். "உன்னைக் காப்பாத்திக்க ஆதாரம் எடுத்தேன்னு சொன்னா நம்புவாங்க. அஞ்சு பேருக்கு ஏன் அனுப்பினேன்னு கேட்டா என்ன சொல்லப் போற?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வலி தாங்காமல் அனுப்பினேன் என்பதுதான் உண்மை. பதில் கடிதத்தில் அதை அப்படியே எழுதச் சொன்னார். மறைக்கவோ மறுக்கவோ வேண்டாம், எப்போது பதிவு செய்தாய், எதற்காகச் செய்தாய், அதற்கு முன்னால் யாரிடம் முறையிட்டாய் என்று தேதியோடு எழுது என்றார். எனக்கு இறுதி எச்சரிக்கை கொடுத்தார்கள். மேனேஜருக்கு ஒன்றுமில்லை.

அப்புறம் அக்கா என் கைப்பேசியைக் கேட்டார். அந்த அரை மணி நேரத்தில் நான் கற்றுக்கொண்டது இன்றுவரை மறக்கவில்லை.

ரெக்கார்டர் செயலியில் Voice 014.m4a என்ற பெயரில் மூலப் பதிவு இருந்தது. 40 விநாடியை வெட்டும்போது நான் தெரியாமல் புதுக் கோப்பாகச் சேமித்திருந்தேன், அதனால்தான் மூலம் தப்பியது. சில செயலிகளில் வெட்டிவிட்டுச் சேமி என்று அழுத்தினால், பழையதன் மேலேயே எழுதிவிடும். அப்படி ஆகியிருந்தால் என் கையில் மிஞ்சியிருப்பது அந்த 40 விநாடி மட்டும்தான். முன்னால் என்ன நடந்தது, நான் என்ன சொல்லி அவரைத் தூண்டினேன் என்ற கேள்விக்குப் பதிலே இருந்திருக்காது. வாட்ஸ்அப்பில் போனது மூலக் கோப்பு ஆகாது என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பெயர் மாறிவிடுகிறது, தேதியும் அனுப்பிய தேதியாகிவிடுகிறது. அந்த மாதம்தான் கைப்பேசியைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்க இருந்தேன். "வழக்கு முடியுற வரைக்கும் இந்தப் போனை விக்காதே, ரீசெட் பண்ணாதே, பெயர்கூட மாத்தாதே," என்று சொல்லி, கேபிள் வழியாக இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைத் தன் அலுவலகத்தில் வைத்துக்கொண்டார்.

இதற்கெல்லாம் ஒரு காரணம் இருக்கிறது. ஒலிநாடாவைச் சான்றாக ஏற்க என்னென்ன நிரூபிக்க வேண்டும் என்று 1998-ல் முகமட் அலி ஜாஃபார் வழக்கில் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பதிவுக்கு முன் நாடா காலியாக இருந்ததா, கருவி சரியாக வேலை செய்ததா, இடையில் யாரும் கை வைக்கவில்லையா, கேட்டவர்கள் குரல்களை அடையாளம் சொல்ல முடிகிறதா, எழுத்து வடிவம் பதிவோடு ஒத்துப்போகிறதா என்பவை அவற்றில் முக்கியமானவை. நாடா போய்க் கைப்பேசி வந்தாலும் கேள்விகள் மாறவில்லை. 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் பின்னால் சேர்த்த 90A பிரிவு, கணினி உருவாக்கிய ஆவணங்களுக்கு வழி செய்கிறது. கருவிக்குப் பொறுப்பானவர் ஒரு சான்றிதழ் தரலாம், அல்லது நேரில் வந்து சாட்சி சொல்லலாம். என் விஷயத்தில் கைப்பேசியும் என்னுடையது, பதிவு செய்ததும் நான். அதனால் நானே கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டியிருந்தது.

எழுத்து வடிவம் எடுக்கும்போதுதான் நான் நினைத்தே பார்க்காத ஒரு சிக்கல் வந்தது. பதிவு முழுக்கத் தமிழ். நீதிமன்றத்துக்கு மலாய் அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், அதையும் நானோ என் அண்ணனோ செய்துகொடுக்க முடியாது, தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்ய வேண்டும். முதல் வரைவு வந்ததும் படித்தேன். "ஏண்டி" என்பது வெறும் "ஏன்" ஆகியிருந்தது. "போடி வெளியே" என்பது "தயவுசெய்து" மட்டும் இல்லாத "வெளியே போங்கள்" ஆகியிருந்தது. என்னைக் கூசிக் குறுக வைத்த அந்த ஒரு எழுத்து மலாயில் காணாமல் போயிருந்தது. படித்தால் ஒரு கண்டிப்பான மேலதிகாரி வேலையைத் திருத்துவது மாதிரிதான் இருந்தது. மொழிபெயர்ப்பாளரிடம் திரும்பப் போய், அந்த இடங்களில் தமிழ்ச் சொல்லை அப்படியே வைத்து, அது பெண்ணை இழிவாக அழைக்கும் விகுதி என்று பக்கத்தில் குறிப்பு எழுத வைத்தோம். தமிழில் நடந்த வசவைப் பதிவு செய்து வைத்திருப்பவர்கள் மொழிபெயர்ப்பு வந்ததும் ஒவ்வொரு வரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இறுதி எச்சரிக்கைக்குப் பிறகு என்னை ஆவணப் பிரிவிலிருந்து எடுத்துக் கிடங்கு வாசலில் லாரி எண்களைக் குறிக்க உட்கார வைத்தார்கள். ஜூன் மாதம் வேலையை விட்டேன். வெறும் ராஜினாமாவாக எழுதவில்லை. நிறுவனம் ஒப்பந்தத்தின் அடிப்படையையே மீறிவிட்டது, இனித் தொடர முடியாத நிலைக்குத் தள்ளிவிட்டது, அதனால் போகிறேன் என்று காரணங்களோடு எழுதினேன். வேலையிலிருந்து தள்ளியதற்குச் சமம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். வெளியேறிய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும், அதைத் தாண்டினால் வாசல் மூடிவிடும். நான் 41-ஆம் நாள் கொடுத்தேன். இங்கே பதிவு செய்கிறவர்கள் விழும் ஒரு குழி இருக்கிறது. இன்னும் ஒன்று சேரட்டும், இன்னும் ஒன்று சேரட்டும் என்று மாதக்கணக்கில் பதிவு செய்துகொண்டே வேலையில் இருந்தால், மீறலைப் பொறுத்துக்கொண்டு தொடர்ந்து வேலை செய்தாய் என்று அதையே எதிர்த்தரப்பு நமக்கு எதிராகத் திருப்பும். என்னிடமும் அதைக் கேட்டார்கள். ஏப்ரலில் நான் ஹெச்.ஆருக்கு எழுதிய இரண்டு மின்னஞ்சல்கள்தான் அங்கே என்னைக் காப்பாற்றின.

இலாகாவில் நடந்த சமரசப் பேச்சில் முடியவில்லை. வழக்கு பினாங்கில் தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போய், 2024 தொடக்கத்தில் விசாரணை வந்தது. பதிவை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. எதிர்த்தரப்பு ஆட்சேபித்ததால் முதலில் அடையாளத்துக்கு மட்டும் குறித்துக்கொண்டார்கள். நான் சாட்சி சொல்லி முடித்த பிறகுதான் சான்றாகச் சேர்த்தார்கள்.

குறுக்கு விசாரணை இரண்டு மணி நேரம் போனது. எந்தக் கைப்பேசி, எந்தச் செயலி, கைப்பைக்குள் எங்கே இருந்தது, எப்போது அழுத்தினாய், கடவுச்சொல் வேறு யாருக்குத் தெரியும் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார்கள். பிறகு 14-ஆவது நிமிடத்தைப் போட்டுக் காட்டினார்கள். அதில் நான் குரலை உயர்த்தி, "நீங்க முன்னாடி வெள்ளிக்கிழமை என்னை மாடுன்னு சொன்னீங்களா இல்லையா? இப்ப சொல்லுங்க!" என்று கேட்கிறேன். "பதிவு ஓடுகிறது என்று தெரிந்தே அவரைப் பேச வைக்கத்தானே இதைக் கேட்டீர்கள்?" என்றார் அந்த வழக்கறிஞர். ஆமாம், அதற்குத்தான் கேட்டேன். ஆமாம் என்றே சொன்னேன். என் சாட்சியத்தில் மிகவும் பலவீனமான இடம் அதுதான். பதிவு ஓடும்போது நாம் சாதாரணமாகப் பேசுவதில்லை. நம்மை அறியாமல் வழக்குக்காகப் பேச ஆரம்பித்துவிடுகிறோம், கேட்கிறவர்களுக்கு அது நன்றாகவே தெரிகிறது.

அடுத்து அவர் சொன்னதுதான் என்னை நிலைகுலைய வைத்தது. தமிழ்க் குடும்பங்களில் தங்கையையும் மகளையும் பாசத்தோடு "டி" போட்டுத்தான் கூப்பிடுவார்கள், மேனேஜரும் அந்த உரிமையில்தான் சொன்னார் என்றார். நான் அழுதுவிட்டேன். ஆனால் முழுப் பதிவு கையில் இருந்ததன் பலன் அங்கேதான் கிடைத்தது. 19-ஆவது நிமிடத்தில் கதவைத் தட்டி ஒரு சீனத் தோழி வருகிறாள். மேனேஜர் ஒரு நொடியில் குரலை மாற்றி, அவளை "மிஸ்" போட்டுக் கூப்பிட்டு, நன்றி சொல்லி அனுப்புகிறார். கதவு சாத்தியதும் மறுபடி "டி" ஆரம்பிக்கிறது. அக்கா அந்த ஒரு நிமிடத்தை மட்டும் திரும்பப் போட்டுக் காட்டினார், எதுவும் பேசவில்லை. நான் வெட்டி அனுப்பிய 40 விநாடியில் அது இல்லை.

ஆனால் அக்கா ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். ஒரு நாளின் 23 நிமிடம் ஒரு நாளைத்தான் காட்டும். பகடிவதை என்பது திரும்பத் திரும்ப நடப்பது, அதைக் காட்டியது என் குறிப்பேடு. சின்னப் பள்ளி நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், சொன்ன சொல், பக்கத்தில் யார் என்று நாலு மாதம் எழுதி வைத்திருந்தேன். எம்.சி. போட்டு மருத்துவ விடுப்பு எடுத்த நாட்கள் அதோடு ஒத்துப்போயின. குறிப்பேட்டில் உள்ள மார்ச் மாதப் பக்கமும் பதிவும் சொல்லுக்குச் சொல் பொருந்தியதால், பதிவு இல்லாத மற்ற நாட்களின் குறிப்புகளும் நம்பும்படி ஆகிவிட்டன. பதிவு எனக்குச் செய்த பெரிய உதவி அதுதான்.

இரண்டாம் நாள் விசாரணைக்குப் பிறகு நிறுவனம் பேசி முடிக்க முன்வந்தது. தொகையையும் பெயரையும் வெளியே சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம், அதனால் அதை இங்கே விடுகிறேன். அந்த 40 விநாடி வெளியே போனதைச் சொல்லித் தொகையைக் குறைத்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

2024 ஜூலையில் கோலாலம்பூரில், இணையப் பகடிவதைக்கு ஆளான ஏஷா என்ற பெண் இறந்தபோது நம் வீடுகளில் எல்லாம் இதே பேச்சுதான். இணையத்தில் அவரைத் தாக்கிய ஒருவருக்கு 100 வெள்ளி அபராதம் என்று கேட்டு நானும் கொதித்தேன். அதன் பிறகு தண்டனைச் சட்டத்தில் 507B முதல் 507G வரை புதுப் பிரிவுகள் வந்து, 2025 ஜூலை 11 முதல் நடப்பில் இருக்கின்றன. மிரட்டியோ இழிவுபடுத்தியோ பேசி ஒருவரை வேண்டுமென்றே துன்புறுத்தினால் மூன்று வருடம் வரை சிறைக்கு இடமிருக்கிறது. இனிப் போலீசில் புகார் கொடுக்க ஒரு வழி உண்டு. ஆனால் புகார் கொடுத்தால் பதிவு இருக்கும் கைப்பேசியைப் போலீஸ் விசாரணைக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள், முதலில் பிரதி எடுத்துவிடுங்கள். கோபத்தில் டிக்டாக்கில் போட்டுவிடாதீர்கள். அவதூறு வழக்கும், தொடர்புச் சட்டத்தின் 233-ஆம் பிரிவும் அப்போது உங்கள் பக்கம் திரும்பக்கூடும்.

போன மாதம் கோலாலம்பூரில் ஒரு வங்கியின் அழைப்பு மையத்தில் வேலை செய்யும் என் சித்தி மகள் கூப்பிட்டாள். டீம் லீடர் தினமும் திட்டுகிறாராம். "அக்கா, நாளைக்குப் போனை ஆன் பண்ணி வச்சுடவா?" என்றாள்.

"உன் சீட்டிலயா திட்டுறாங்க, தனி அறையிலயா?"

"சீட்டிலதான்."

"அப்போ வேண்டாம்." பக்கத்து இருக்கைகளில் வாடிக்கையாளர் பெயர், கணக்கு எண் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். அது பதிவில் விழுந்தால் பகடிவதையை விட்டுவிட்டு வங்கி ரகசியத்தைப் பிடித்துக்கொள்வார்கள். 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு வாடிக்கையாளர் விவரத்தை வெளியே விடுவதற்கு ஐந்து வருடம் வரை சிறை சொல்கிறது. தொலைபேசியில் திட்டினால் பதிவு செய்யலாமா என்று கேட்டாள். இப்போது ஐபோனிலும் கூகுளின் தொலைபேசிச் செயலியிலும் பதிவு ஆரம்பித்ததும் இரண்டு பக்கமும் அறிவிப்புக் கேட்கும், ரகசியம் என்பதே அங்கே இல்லை என்றேன்.

"அப்போ நான் என்னதான் செய்ய?"

இன்று அவர் என்ன சொன்னார், எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று வீட்டுக்குப் போனதும் எழுதச் சொன்னேன். அடுத்த தடவை திட்டினால் அன்று மாலையே அவருக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னேன், "இன்று மதியம் மூன்று மணிக்கு நீங்கள் என்னிடம் இப்படிச் சொன்னீர்கள், நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் சொல்லுங்கள்" என்று. அவர் மறுக்காமல் விட்டாலும், கோபமாகப் பதில் எழுதினாலும், இரண்டுமே காகிதத்தில் நிற்கும். வாடிக்கையாளர் விவரம் எதுவும் அதில் வரக்கூடாது. தனி அறைக்குக் கூப்பிட்டால், "நான் குறிப்பு எடுத்துக்கொள்ளலாமா, பதிவு செய்யலாமா?" என்று நேராகவே கேட்கச் சொன்னேன். மறுத்தால், மறுத்தார் என்பதையும் எழுதி வைக்கலாம்.

"கேட்டா இன்னும் கோபப்படுவாரே," என்றாள்.

"படட்டும். முதல்ல உன் கையேட்டை எடுத்து, பதிவு பத்தி என்ன போட்டிருக்குன்னு எனக்குப் படிச்சுக் காட்டு," என்றேன். லைனில் இருந்தபடியே தேடினாள். 31-ஆம் பக்கத்தில் இருந்தது. கையெழுத்துப் போட்டிருந்தாள், அவளும் படித்திருக்கவில்லை.